சுங்கை சிப்பூட்டிலிருந்து வந்த உறை

மலாயாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கிறது சுங்கை சிப்பூட். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். 1930-களில் அங்கே பால்மரம் வெட்டிய தமிழர்களில் சோழவந்தான் பக்கத்துக்காரர் ஒருவரும் இருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கிராணியாரிடம் சொல்லச் சொல்ல அவர் எழுதித் தருவார். கிராணி மாறினால் கையெழுத்தும் மாறிவிடும். கடிதத்தில் தேதி போடும் பழக்கம் மட்டும் எந்தக் கிராணிக்கும் இல்லை.

அவர் மனைவிக்கு அனுப்பிய கடிதங்களில் பதினொன்று உறையோடு மிஞ்சின. ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்த அவை, 1973 டிசம்பரில் அந்த அம்மாளோடு மதுரைக்கு வந்து சேர்ந்தன. மகன் நகரத்தில் ஒரு துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டர். கீழே ஆபீஸ், மாடியில் குடியிருப்பு. அரையாண்டு லீவில் இருந்த பேத்திதான் டின்னைத் திறந்தாள்.

அந்த டின்னை வைத்துக் குடும்பத்தில் ஒரு கதை நிலைத்திருந்தது. ஒரு கடிதத்தில் தாத்தா தை மாதம் கப்பல் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றில் பணம் சேரவில்லை, இப்போதைக்கு வர முடியாது என்கிறார். வருகிறேன் என்று ஆசை காட்டிவிட்டு, அப்புறம் கையை விரித்துவிட்டார் என்பதுதான் ஊர்க்கணக்கு. அங்கே இன்னொரு குடும்பம் ஆகிப்போச்சு என்று பங்காளிகள் பேசினார்கள். அப்பத்தா மறுத்துப் பேசவில்லை. ஆனால் செத்துப்போனார் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. தாலியைக் கழற்றவில்லை, மகனைத் திதி கொடுக்கவும் விடவில்லை.

எந்தக் கடிதம் முந்தி, எந்தக் கடிதம் பிந்தி என்று யாரும் பார்த்ததில்லை. பார்ப்பதற்குத் தேதியே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பேத்திக்கு முத்திரை பழகிய பொருள். காலையில் ஆபீஸ் திறந்ததும் அப்பா முதலில் செய்யும் வேலையை அவள் தினமும் பார்ப்பாள். முத்திரையின் நடுவே கழற்றி மாட்டுகிற சின்னச் சின்ன அச்சுகள் இருக்கும். நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. நேற்றையதை எடுத்துவிட்டு இன்றையதைச் செருகி, கறுப்பு மையில் தொட்டு, முதல் குத்தை ஒரு புத்தகத்தில் வைத்துத் தேதி சரியா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தபால் மேல் முத்திரை விழும். ஊர்ப்பெயர் வட்டத்தின் ஓரத்தில் நிலையாகச் செதுக்கியிருக்கும். மாறுவது நடுவில் இருக்கும் தேதி மட்டும்தான். இது தெரிந்தவளுக்கு, கடிதத்தில் இல்லாத தேதி உறையில் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பதினோரு உறையிலும் தபால்தலை இருந்த மூலை கிழிந்திருந்தது. கிழித்தவர் வேறு யாருமில்லை, அப்பாதான். பேராக் சுல்தானின் முகம் போட்ட தபால்தலைக்குப் பள்ளிக்கூடத்தில் அத்தனை மவுசு. தபால்தலையோடு முத்திரையில் பாதியும் போய்விட்டது.

“முன்னாடி பாக்காத, பின்னாடி திருப்பு” என்றார் அப்பா.

அந்தக் காலத்தில் உறை போய்ச்சேரும் ஊரிலும், சில சமயம் இடையில் நின்று மாறும் ஊரிலும், பின்பக்கம் ஒரு முத்திரை குத்துவது வழக்கம். முன்பக்க முத்திரை தபால்தலையின் கோலத்தில் மறைந்துபோகும். பின்பக்கத்தில் வெறும் தாள் என்பதால் மை தெளிவாக நிற்கும். மங்கியிருந்தாலும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இரும்பு அழுத்திய பள்ளம் நிழல் காட்டும். அப்படித்தான் மதுரை முத்திரைகளும் சோழவந்தான் முத்திரைகளும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. மதுரையின் பெயர் அவற்றில் ‘மதுரா’ என்றுதான் இருந்தது, அது வெள்ளைக்காரன் காலத்து எழுத்து.

முன்பக்கத்தையும் அவள் விடவில்லை. மலாயா முத்திரையில் மாதத்துக்கு இரண்டே ஆங்கில எழுத்து. ஜனவரிக்கு ‘ஜே, ஏ’, நவம்பருக்கு ‘என், ஓ’. இதில் சிக்கல் மார்ச்சிலும் மேயிலும் வரும். மார்ச்சுக்கு ‘எம், ஆர்’, மேக்கு ‘எம், ஒய்’. இரண்டாம் எழுத்தின் மேல்பாதி அழிந்துபோய் ஒற்றைக் கால் மட்டும் மிஞ்சினால், ஆளுக்கொரு மாதம் சொல்லலாம். ஜூனும் ஜூலையும் இதே மாதிரி இரண்டாம் எழுத்தில்தான் பிரியும்.

கிழிந்த பாதிக்கு ஒரு வழி இருந்தது. ஓர் உறையில் முத்திரை சற்றே தள்ளி விழுந்து, முழு வட்டமும் தப்பியிருந்தது. அதன்மேல் எண்ணெய்த்தாளை வைத்து வட்டத்தையும் எழுத்துகளையும் பென்சிலால் எடுத்துக்கொண்டாள். ஒரே ஆபீஸ், ஒரே இரும்பு என்றால் எழுத்துகளின் இடைவெளி மாறாது. அந்தத் தாளைப் பாதி வட்டத்தின் மேல் பொருத்தினால், மிஞ்சியிருப்பது ஊர்ப்பெயரின் எந்தப் பகுதி, அதற்கு நேரே தேதியின் எந்த இலக்கம் நிற்க வேண்டும் என்பது புலப்படும். ஓர் உறையில் பார்க்க ‘7’ மாதிரி இருந்த கோடு, இப்படிப் பொருத்தியபோது ‘1’-இன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓர் உறை மட்டும் அவளை மூன்று நாள் அலைக்கழித்தது. முன்பக்கம் 1938 டிசம்பர் 29. பின்பக்கம் சோழவந்தானில் 1938 ஜனவரி 14. அனுப்புவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாலேயே வந்து சேர்ந்த கடிதம்!

அப்பா உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “ஜனவரில மாசத்த மாத்துவோம், வருசத்த மறந்துருவோம். எல்லா ஆபீசுலயும் நடக்கும்” என்றார். பின்பக்கத்தை 1939 என்று வைத்தால் பயணம் பதினாறு நாள். மற்ற உறைகளின் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒற்றை முத்திரையை நம்பக் கூடாது, இரண்டு முத்திரைக்கு இடையிலுள்ள நாள்கள்தான் சாட்சி என்று அன்று அவளுக்குப் பிடிபட்டது.

இனி அந்தத் தை மாதக் கடிதத்தின் உறைக்கு வரலாம்.

முன்பக்கத்தில் தப்பியது வலதுபக்கத்து வளைவு மட்டும்தான். ஊர்ப்பெயரின் கடைசி மூன்று எழுத்து, தேதியின் வால். இடதுபக்க ஓரம் கத்தரிக்கப்பட்டு, அச்சிட்ட காகிதப் பட்டை ஒட்டி மறுபடி மூடப்பட்டிருந்தது. தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்ததற்கான அடையாளம் அது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கிய பிறகுதான் மலாயாவில் தபாலைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஆகவே பட்டை ஒட்டிய உறை எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பதினொன்றில் பட்டை இருந்தது மூன்றில். பணம் சேரவில்லை என்ற கடிதமும் அந்த மூன்றில் ஒன்று. அதன் முன்பக்கத்து மாதம் மார்ச்சா, மேயா என்று தெரியவில்லை. பின்பக்கம் 1940 மே 28 என்று இருந்ததால் மே என்று முடிவாயிற்று.

தை மாதக் கடிதத்தைத் திருப்பினாள். இரண்டு வட்டங்கள். மதுரா, 1941 டிசம்பர் 10. சோழவந்தான், 1941 டிசம்பர் 11. இரண்டு ஆபீஸ், இரண்டு இரும்பு, அடுத்தடுத்த நாள். தவறாக இருக்க வாய்ப்பில்லை. மற்ற உறைகளின் கணக்கில் பதினைந்து, பதினாறு நாளைக் கழித்தால் நவம்பர் கடைசி வாரத்தில் சுங்கை சிப்பூட்டில் பெட்டியில் விழுந்திருக்கிறது. அங்கிருந்து ரயிலில் பிறை, தோணித்துறை தாண்டிப் பினாங்கு, தணிக்கை மேஜை, ஐந்தாறு நாள் கடல், நாகப்பட்டினம், திருச்சி, திண்டுக்கல் வழியாக மதுரை. சோழவந்தானைத் தாண்டித்தான் மதுரைக்கு ரயில் வரும். பையைப் பிரித்து அடுக்கியது மதுரையில் என்பதால் கடிதம் ஊரைக் கடந்து போய், மறுநாள் திரும்பி வந்திருக்கிறது.

பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் அதற்கு மேல் உதவவில்லை. அப்பா நூலகத்திலிருந்து போர்க்கால வரலாறு ஒன்றை எடுத்து வந்தார். இருவரும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்கள். டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 11-ஆம் தேதி, சோழவந்தான் தபால்காரர் இந்த உறையைப் பட்டுவாடா செய்த அதே நாளில், பினாங்கின் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. 19-ஆம் தேதி பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. மாதம் முடிவதற்குள் ஈப்போவும் போயிற்று. 1942 ஜனவரி நடுவில் தை பிறந்தபோது, அவர் ஏறவேண்டிய துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலே கிடையாது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. 1945 செப்டம்பர் வரை மலாயாவிலிருந்து மதுரைக்குத் தபால் வர வழியில்லை. அந்த வருஷங்களில் தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை.

தாத்தா அதில் போனாரா என்று முத்திரை சொல்லாது. எந்த ஊரில் எந்த நாளில் உறை இருந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆனால் குடும்பத்தில் நிலைத்த கதையைத் தலைகீழாகப் புரட்ட அது போதும். பணம் இல்லை என்றது 1940 மே மாதம். வருகிறேன் என்றது ஒன்றரை வருஷம் கழித்து, டின்னில் இருந்ததிலேயே கடைசியாக வந்த கடிதத்தில்.

உறைகளைத் தரையில் வரிசையாக வைத்து, அப்பத்தாவின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள் பேத்தி. கடைசி உறையில் விரலை நிறுத்தினாள்.

“இதா கடைசி?”

“இதுதான் அப்பத்தா. இதுக்கு அப்புறம் கப்பல் இல்ல.”

அப்பத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, “அவுக வர்றேன்னுதான்டா கடைசியாச் சொல்லியிருக்காக” என்றாள்.

அன்றே அப்பா ஒவ்வொரு உறையின் ஓரத்திலும் மெல்லிய பென்சிலால் 1 முதல் 11 வரை எண் போட்டார். கடிதத்தை உறையிலிருந்து பிரிக்கவே கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். அடுத்து வந்த தை அமாவாசைக்கு அப்பத்தாவே அவரைச் சோழவந்தானுக்கு அனுப்பினாள். வைகைக் கரையில் தன் தகப்பனாருக்கு அவர் முதல்முறையாகத் தர்ப்பணம் கொடுத்தார்.