தீமிதி: கால் எப்போது சுடும்?

திருப்பதி, சித்தூர் பக்கம் தர்மராஜா கோயில் என்று சொல்லப்படும் திரௌபதி அம்மன் கோயில்களில், பாரதக் கதை முடியும் நாளில் தீமிதி நடக்கும். காலையில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் அக்னி குண்டம்.

வேண்டுதல் உள்ளவர் மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டிக்கொள்வார். கட்டியாச்சுன்னா கறி, மது கிடையாது. பலர் ஒருவேளைச் சாப்பாடுதான், பாயில்தான் தூக்கம். துக்க வீட்டுக்கும் போகமாட்டார்கள். அன்று மஞ்சள் நீராடி, ஈரத் துணியோடு, கரகத்தின் பின்னால் குண்டத்துக்கு வருவார்கள்.

அதற்குள் கட்டைகள் எரிந்து, தணலைத் தட்டிச் சமமாகப் பரப்பியிருப்பார்கள். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒவ்வொரு அடியும் தணலைத் தொடுவது ஒரு நொடிக்கும் குறைவு. அதனால்தான் பெரும்பாலோர் கொப்புளம் இல்லாமல் கடக்கிறார்கள். நின்றாலோ, முன்னால் போகிறவர் தடுமாறினாலோ இந்தக் கணக்கு தப்பிவிடும். ஓடினாலும் கால் தணலுக்குள் புதையும். வேகமான நடைதான் சரி. பாதி வெந்த கட்டையும் ஆணியும் ஆபத்து. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கவே வேண்டாம்.

உங்களுக்குச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தால் சுடுவதே தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. பால்குடம் எடுத்து வேண்டுதலை முடிக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பட்டினி கிடக்கும் முன் டாக்டரைக் கேட்பது அவசியம்.

சுட்டுவிட்டால் மஞ்சளோ விபூதியோ அப்பாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டுங்கள், பிறகு ஆஸ்பத்திரி.