மேற்பார்வையாளர் மீதான எழுத்து முறையீடு: மறைகாப்பின் எல்லை

1. வரையறை

பணியாளர் தம் பணிநிலை பற்றிக் கையொப்பமிட்டு நிர்வாகத்திடம் தரும் குறையை முறையீடு என்கிறோம். அதைத் தீர்ப்பதற்கு வேண்டியவர் மட்டுமே அதை அறிவது மறைகாப்பு. எதிர்த்தரப்புக்கும் பெயரைச் சொல்லாதிருப்பது பெயர்மறைப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலேயே பல விசாரணைகள் கெடுகின்றன. 'உங்கள் பெயர் வெளியே வராது' என்று மனிதவளப் பிரிவினர் முதல் நாளே வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். யார், எந்த நாள், என்ன என்று அறியாத மேற்பார்வையாளர் எதற்கு விடை கூறுவார்?

2. வகை

பாலியல் தொல்லை பற்றிய முறையீடு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குச் செல்ல வேண்டியது. கூலி, விடுப்பு, பணிப் பங்கீடு பற்றியவற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

3. நிலைகள்

பின்னலாடை ஆலையொன்றின் தையல் பிரிவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மூன்று மாலைகளில் இரண்டிரண்டு மணி நேரம் ஓவர்டைம் பார்த்ததாகவும், சூப்பர்வைசர் அதைக் கணக்கில் ஏற்றவில்லை என்றும் தையல்காரர் ஒருவர் எழுதித் தருகிறார். தேதியிட்ட ஒப்புகை கொடுத்தபின், அந்தச் சூப்பர்வைசருக்கு மேலும் கீழும் இல்லாத ஒருவர் விசாரணை அலுவலர் ஆகிறார்.

அடுத்தது ஆவணக் காப்பு. இது சூப்பர்வைசருக்கு அறிவிப்பு தருமுன் முடிய வேண்டும். அறிவிப்புக்குப்பின் திருத்தப்பட்ட பதிவேட்டால் பயனில்லை. தையல்காரரின் பதிவை மட்டும் கேட்டால், கேட்ட மாத்திரத்திலேயே பிரிவு முழுதும் அவர் யாரென்று அறிந்துவிடும். ஆகவே பிரிவு முழுவதற்குமான அம்மாதப் பதிவுகள் அனைத்தையும் கேட்டு வாங்குகிறோம். மறைகாப்பு நடைமுறையில் இத்தகைய சிறு செயல்களால்தான் நிற்கிறது.

பின்னரே முறையீட்டின் படி சூப்பர்வைசருக்குத் தரப்படுகிறது. எழுத்து விடைக்கு நாள் குறித்து, முறையிட்டவரைப் பணியில் நெருக்கலாகாது என்றும் எழுதிக் கொடுக்கிறோம். இருவரையும் சாட்சிகளையும் தனித்தனியே கேட்டு, வாக்குமூலத்தின் பக்கந்தோறும் கையொப்பம் பெறுகிறோம்.

4. முடிவுகாணல்

வாயிற் பதிவேட்டின்படி மூன்று நாளும் தையல்காரர் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியேறியிருக்கிறார். ஆனால் ஆலைக்குள் இருந்த நேரமெல்லாம் வேலை பார்த்த நேரம் ஆகாது; ஆலை வேனுக்குக் காத்திருந்ததாகவும் கொள்ளலாம். உற்பத்திச் சீட்டைப் பார்க்கிறோம். இரண்டு மாலைகளில் அவர் எண்ணில் துண்டுகள் பதிவாகியுள்ளன. மூன்றாம் மாலை இல்லை. எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்பதே இங்கு அளவுகோல். இரண்டு நாள் மெய்ப்பட்டது, ஒரு நாள் மெய்ப்படவில்லை என்று காரணத்தோடு எழுதுகிறோம். நான்கு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டும்.

இது உண்மையறியும் விசாரணை மட்டுமே. சூப்பர்வைசரைத் தண்டிப்பதாயின் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் தனித் துறை விசாரணையும் வேண்டும்.

முடிவை இரு தரப்புக்கும் எழுத்தில் தந்தபின், அடுத்த மூன்று மாதப் பணிப்பட்டியலையும் விசாரணை அலுவலர் பார்த்துவர வேண்டுகிறோம். பழிவாங்கல் நடந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.