கருத்துக் கட்டுரையைக் காணொளி உரையாக்குதல்: எழுத்துச் சீர்திருத்தக் கட்டுரை ஒன்றை முன்வைத்து

1. எடுத்துக்கொண்ட கட்டுரை

பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்து மாற்றத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகள் பிற எழுத்துகளைப் போலவே எழுதப்படலாயின. உகர, ஊகார வரிசைகளையும் அப்படி மாற்ற வேண்டும் என்று வாதிட்டு ஏறத்தாழ 3,000 சொல்லில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கு, சு, து மூன்றிலும் உகரம் மூன்று விதமாக ஒட்டுகிறது. ‘ஜு’வில் தனித்து நிற்கும் குறியையே எல்லா மெய்க்கும் வைக்கலாம் என்பது அதன் சாரம். அதைக் காணொளியாக்கியபோது கண்டவையே இங்கே ஆய்வுப் பொருள்.

முதலில் அளவு. தமிழை நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் போகிறது. அப்படியே படித்தால் அரை மணி நேரம். ஒன்பது நிமிடம் என்று முடிவு செய்து, படம் மட்டும் பேசும் இடங்களையும் கழித்தால், கையில் 800 சொல்தான். நான்கில் மூன்று பங்கு போயாக வேண்டும். பிராமியிலிருந்து தொடங்கும் வரலாறு முதலில் போனது. அது கட்டுரைக்கே முகப்பு அலங்காரம்தான்.

2. கருதுகோள்

எஞ்சியதில் எது கருதுகோள் என்று தேடியபோது ஒரு சங்கடம். ‘சீர்திருத்தம் தொடர வேண்டும்’ என்ற வாக்கியத்துக்கு அடியில் இரண்டு காரணங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன: அச்சுக்கு எளிது, கற்கும் குழந்தைக்கு எளிது. தாளில் வாசகர் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடுவார். குரலில் கேட்கிறவருக்கு ஒரு வாக்கியம்தான் நினைவில் நிற்கும். எதைச் சொல்வது?

முடிவெடுக்க எதிர்வாதத்தை முதலில் எழுதிப் பார்த்தேன். இந்த வரிசைமாற்றமே முறையின் மையம் என்பது என் கருத்து. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் அச்சுப் பெட்டியின் அறைகள் குறைவது பெரிய லாபம். இன்று ‘கு’ என்பது கணினியில் ககரமும் உகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகள்; அவை திரையில் எப்படி ஒட்டுகின்றன என்பது எழுத்துருவின் வேலை. ஆக, அச்சுக் காரணம் எதிராளியின் முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. கருதுகோள் சுருங்கியது: ‘உகர, ஊகார வரிசைகளின் 36 வடிவங்களும் கற்பவருக்குத் தேவையில்லாத சுமை.’

3. மறுப்பின் இடம்

கட்டுரையில் மறுப்பு கடைசிக்கு முந்தைய பத்தியில், ‘சிலர் கூறலாம்’ என்று தலைகாட்டியது. காணொளியில் அது பிழை. ‘கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறதே’ என்ற எண்ணம் பார்வையாளருக்கு இரண்டாம் நிமிடத்திலேயே எழுந்துவிடும். எட்டாம் நிமிடம்வரை அதைச் சுமந்துகொண்டு அவர் நம்மைக் கேட்கமாட்டார். எனவே மூன்றாம் நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். முழுதாக ஒன்றரை நிமிடம், கேலித் தொனி இல்லாமல்:

படம்: ஒரே ‘கு’, நான்கு எழுத்துருக்களில், நான்கு வடிவங்களில்.
குரல்: தட்டியது ஒரே எழுத்து. வடிவம் மட்டும் மாறுகிறது. அப்படியென்றால் மொழியை ஏன் தொட வேண்டும்? எழுத்துருவை மாற்றினால் போதாதா?

படம்: கோடு போட்ட நோட்டு. ஒரு கை ‘து’ எழுதுகிறது, அழிக்கிறது.
குரல்: ஆனால் இந்தக் கையில் எழுத்துரு இல்லை.

4. இணைப்பு

அந்த ‘ஆனால்’தான் இணைப்பு. சவுத் பார்க் தொடரை உருவாக்கிய பார்க்கரும் ஸ்டோனும் சொல்லும் விதி ஒன்றுண்டு: இரு காட்சிகளுக்கு நடுவே ‘பிறகு’ என்று மட்டுமே வருமானால் கதை நின்றுவிட்டது, ‘ஆனால்’ அல்லது ‘ஆகவே’ வர வேண்டும். ஆர்சன் வெல்ஸின் 1973 ஆம் ஆண்டுப் படமான ‘எஃப் ஃபார் ஃபேக்’ பற்றிய ஒரு காணொளிக் கட்டுரையில் டோனி சௌ இவ்விதியைக் காணொளிக் கட்டுரைக்கே பொருத்திக் காட்டினார். தமிழில் இதற்கு நல்ல சோதனை ‘மேலும்’. என் கட்டுரையில் பதினொரு பத்திகள் ‘மேலும்’, ‘அதுமட்டுமன்றி’ என்றே தொடங்கின. அவற்றை எந்த வரிசையில் மாற்றி அடுக்கினாலும் வாதம் குலையவில்லை. அதாவது, அங்கே வாதமே இல்லை. நான்கைத்தான் காப்பாற்ற முடிந்தது.

‘மேற்கூறிய’, ‘முன்னர்க் கண்டவாறு’ ஆகியவையும் போயின. கேட்கிறவர் பக்கத்தைத் திருப்ப முடியாது. பழைய படத்தையே மறுபடி காட்ட வேண்டும். எச்சங்களை அடுக்கி முற்றைக் கடைசிவரை ஒளித்துவைக்கும் நீள்வாக்கியமும் குரலில் மூச்சுவாங்குகிறது. ‘1978-இல் அரசாணையாகிப் பாடநூல்களில் புகுந்து இன்று இயல்பாகிவிட்ட மாற்றம்’ என்பதை ‘1978-இல் அரசாணை வந்தது. பாடநூல் மாறியது. இன்று பழைய லையை யாரும் தேடுவதில்லை’ என்று வெட்டினேன்.

5. சோதனை

படமில்லாமல் குரலை மட்டும், முன்பு அச்சுக்கோத்த ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். எதிர்வாதம் முடிந்ததும், “நான் சொல்றதத்தான் சொல்லியிருக்கீங்க” என்றார். ஆறாம் நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். “பழைய புஸ்தகத்துக்கு என்ன பதில்? லை மாறினப்போ பதிமூணு எழுத்துதான். கு, து இல்லாம ஒரு வரி உண்டா?”

பதில் என்னிடம் இல்லை. 40 சொல் கூட்டி, அவர் கேள்வியை அப்படியே வைத்து, இந்த இழப்பு உண்மையானது என்று ஒப்புக்கொண்டேன். அந்த இடத்தில் திரையில் ஒரு பழைய பக்கம். அதிலுள்ள உகரங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின்றன. குரல் இல்லை.