இரண்டு கடையிலும் 10 விழுக்காடு விலையேற்றம்... ஒருவருக்கு மட்டும் ஏன் வருமானம் சரிகிறது?

பொருளியல் வகுப்பில் 'தேவை நெகிழ்ச்சி' பற்றிய ஸ்லைடைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடு செங்குத்தாக இருக்கும், இன்னொன்று படுத்திருக்கும். பக்கத்தில் ஒரு சூத்திரம். "அத்தியாவசியப் பொருளுக்கு நெகிழ்ச்சி குறைவு, ஆடம்பரப் பொருளுக்கு அதிகம்" என்று ஒரு வரி. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கடை நடத்துபவருக்கு அந்த ஒரு வரி போதுமா?

உணவங்காடி ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கடைகளை வைத்துப் பார்ப்போம். ஒன்று காப்பிக் கடை, மற்றொன்று ஜூஸ் கடை. கீழே வரும் கணக்கு புரிந்துகொள்வதற்காக நாமே எடுத்துக்கொண்டது.

ஒரே விலையேற்றம், இரண்டு விளைவு

காப்பி 1 வெள்ளி 50 காசு. ஒரு நாளைக்கு 400 கோப்பை போகிறது. ஜூஸ் 3 வெள்ளி. ஒரு நாளைக்கு 100 கோப்பை. இரண்டு கடைக்காரர்களும் விலையை 10 விழுக்காடு ஏற்றுகிறார்கள். காப்பி 1 வெள்ளி 65 காசு ஆகிறது, ஜூஸ் 3 வெள்ளி 30 காசு.

இரண்டு கடையிலும் விற்பனை ஒரு நாளைக்கு 20 கோப்பை குறைகிறது. அப்படியென்றால் இருவருக்கும் ஒரே பாதிப்புதானே? இல்லை. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நெகிழ்ச்சி கோப்பைக் கணக்கு அல்ல, விழுக்காட்டுக் கணக்கு.

```
PED = %ΔQ ÷ %ΔP
காப்பி: −5% ÷ 10% = −0.5
ஜூஸ்: −20% ÷ 10% = −2
```

400-இல் 20 போனால் 5 விழுக்காடு. 100-இல் 20 போனால் 20 விழுக்காடு. விலை ஏறும்போது விற்பனை இறங்குவதால்தான் கழித்தல் குறி வருகிறது. அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். 1-ஐவிடக் குறைந்தால் நெகிழ்ச்சி குறைவு, கூடினால் நெகிழ்ச்சி அதிகம்.

இனி கல்லாப்பெட்டியைப் பார்ப்போம். காப்பிக் கடையின் ஒரு நாள் வருமானம் 600 வெள்ளியிலிருந்து 627 வெள்ளிக்கு ஏறுகிறது. ஜூஸ் கடையில் 300 வெள்ளியாக இருந்தது 264 வெள்ளிக்கு இறங்குகிறது.

ஏன் இப்படி?

காலையில் வேலைக்குப் போகும் வழியில் காப்பி குடிப்பது பலருக்குப் பழக்கம். கூடுதலாகக் கொடுப்பது 15 காசுதான். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள்.

ஜூஸ் அப்படி இல்லை. 30 காசு கூடினால், "சரி, இன்னிக்கு ஐஸ் லைம் போதும்" என்று பக்கத்துக் கடைக்கே போய்விடலாம். வெட்டிய பழம் வாங்கலாம். கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம். மாற்றுப் பொருள் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ, அவ்வளவு எளிதாக வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார்.

செலவு ஏறும்போதுதான் உண்மையான சிக்கல்

கடைக்காரர் சும்மா விலையை ஏற்றுவதில்லை. பெரும்பாலும் அவருக்கே செலவு கூடியிருக்கும். அதையும் கணக்கில் சேர்ப்போம். வாடகையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஒரு கோப்பை காப்பிக்கு ஆகும் செலவு 50 காசிலிருந்து 65 காசாகிறது. விலையை ஏற்றாமல் இருந்தால் 400 கோப்பைக்கு 340 வெள்ளி மிஞ்சும். ஏற்றினால் 380 கோப்பைக்கு 380 வெள்ளி மிஞ்சும். முன்பு கிடைத்த 400 வெள்ளி இல்லைதான், ஆனாலும் ஏற்றுவதே மேல்.

ஜூஸுக்கான செலவு 1 வெள்ளி 20 காசிலிருந்து 1 வெள்ளி 50 காசாகிறது. முன்பு ஒரு நாளைக்கு 180 வெள்ளி மிஞ்சியது. இப்போது விலையை ஏற்றினால் 80 கோப்பைக்கு 144 வெள்ளி. ஏற்றாமல் விட்டால் 100 கோப்பைக்கு 150 வெள்ளி.

அதாவது ஜூஸ் கடைக்காரருக்கு இரண்டு வழியிலும் அடிதான். விலையை ஏற்றாமல் செலவைத் தானே சுமப்பது கொஞ்சம் குறைவான அடி. காப்பிக்காரர் செலவில் பெரும்பகுதியை வாடிக்கையாளரிடம் தள்ளிவிட முடிகிறது. இவரால் முடியவில்லை. பழம் விலை ஏறியும் ஒரு கடை பழைய விலையிலேயே விற்றால், அது தாராள மனசாக இருக்க வேண்டியதில்லை. கணக்கே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

ஸ்லைடு சொல்லாத ஒன்று

அப்போ காப்பிக்காரர் நினைத்தபோதெல்லாம் ஏற்றலாமா? முடியாது. 'காப்பிக்கு நெகிழ்ச்சி குறைவு' என்பது பொதுவாகக் காப்பியைப் பற்றிய பேச்சு. குறிப்பிட்ட ஒரு கடையின் காப்பியைப் பற்றியது அல்ல.

வட்டாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றினால் வாடிக்கையாளர் எங்கே போவார்? ஆனால் இவர் மட்டும் 1 வெள்ளி 65 காசு, அடுத்த புளோக்கில் இன்னும் 1 வெள்ளி 50 காசு என்றால் கதை வேறு. விற்பனை 400-இலிருந்து 320-க்கு இறங்கினால் வருமானம் 528 வெள்ளிதான். அதே காப்பி, அதே 10 விழுக்காடு. ஆனால் நெகிழ்ச்சி 0.5 அல்ல, 2.

வரி உயர்வை இதோடு ஒப்பிடலாம். சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2024 ஜனவரி 1ஆம் தேதி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானது. அந்த வரிக்குப் பதிந்துகொண்ட எல்லாக் கடைகளுக்கும் அது ஒரே நாளில் வந்தது. அதனால் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போய்த் தப்பிப்பது கடினம். மளிகைச் சாமான் என்றால் வார இறுதியில் ஜொகூர் பாரு போய் வாங்கலாம். காலைக் காப்பிக்காக யாரும் கடற்பாலம் தாண்டப் போவதில்லை. 'மாற்று எது?' என்ற கேள்விக்குப் பொருளுக்குப் பொருள் விடை மாறுகிறது.

நாள் செல்லச் செல்லவும் விடை மாறும். முதல் வாரம் அதே காப்பியை வாங்கியவர், சில மாதங்களில் அலுவலகத்தில் மூன்றில் ஒன்று காப்பிப் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம். பழக்கத்தை மாற்ற அவகாசம் கிடைத்தால் நெகிழ்ச்சி கூடும்.

கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

முதலில் பணத்தை அல்ல, கோப்பையை எண்ண வேண்டும். விலை ஏறியதால் கல்லா நிறைந்ததுபோல் தெரியும், ஆள் குறைவது கண்ணில் படாது.

அடுத்தது, எந்த நாளை எந்த நாளோடு ஒப்பிடுகிறோம் என்பது. வெயில் கொளுத்தும் வாரத்தையும் மழை பெய்யும் வாரத்தையும் ஒப்பிட்டால், ஜூஸ் விற்பனை குறைந்ததற்கு விலை காரணமா மழை காரணமா என்று சொல்ல முடியாது. பள்ளி விடுமுறையும் அப்படித்தான். திங்களைத் திங்களோடும் சனியைச் சனியோடும் ஒப்பிட்டு, பல வாரம் பார்த்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அடுத்த முறை ஸ்லைடில் 'நெகிழ்ச்சி குறைவு' என்று பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். விலையை ஏற்றியது ஒருவரா, எல்லாருமா? வாடிக்கையாளருக்கு மாறிக்கொள்ள எவ்வளவு நாள் கிடைத்தது? அந்த இரண்டும் தெரியாமல், விலையேற்றம் யாரை அதிகம் பாதிக்கும் என்று சொல்ல முடியாது.