பேமென்ட் கேட்வே கட்டணமும் பில்டர் கமிஷனும்

இணையத்தில் சொந்தக் கடை நடத்தும் சிறு விற்பனையாளரின் ஒவ்வொரு விற்பனையிலிருந்தும் இரண்டு பிடித்தங்கள் போகலாம். பணத்தை வாங்கி வங்கிக் கணக்கில் சேர்ப்பதற்கு பேமென்ட் கேட்வே எடுப்பது ஒன்று. கடையைக் கட்டித் தரும் பில்டர் நிறுவனம் விற்பனைத் தொகையில் கேட்கும் கமிஷன் இன்னொன்று. கேட்வே கட்டணம் எந்த பில்டரில் கடை வைத்தாலும் உண்டு. கமிஷன் பில்டருக்கு பில்டர் மாறும், சிலவற்றில் அறவே கிடையாது.

இந்தியாவில் இது கூர்மையாகத் தெரிவது ஷாப்பிஃபையில். அந்நிறுவனம் தன் சொந்தக் கட்டணச் சேவையைப் பயன்படுத்துவோரிடம் கமிஷன் வாங்குவதில்லை. அச்சேவை இந்தியாவில் இல்லாததால், இங்குள்ள விற்பனையாளர் ரேசர்பே போன்ற வெளி கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். வெளி கேட்வே வழியாக வரும் பணத்துக்கு அடிப்படைத் திட்டத்தில் 2 விழுக்காடு கமிஷன் விழுகிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் இயங்கும் வூகாமர்ஸ் மென்பொருளில் இந்தக் கமிஷன் இல்லை, ஆனால் ஹோஸ்டிங் செலவு உண்டு.

மாதம் 50 ஆர்டர்கள் அனுப்பும் ஒரு முறுக்கு, சீடை வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆர்டர் கூரியர் செலவு 50 ரூபாய் உட்பட 400 ரூபாய், மாத வரவு 20,000 ரூபாய். கேட்வே 2 விழுக்காடு வாங்கினால் 400 ரூபாய். அந்தக் கட்டணம் முழுவதற்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. விழுந்தால் 72 ரூபாய். ஆக 472. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவரும் இந்த 72 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது, அது அவர்களுக்கு நிகரச் செலவு. ஷாப்பிஃபையில் பில்டர் கமிஷன் 400 ரூபாய். பில்டருக்குத் தரும் மாத வாடகை 2,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 2,872 ரூபாய், ஆர்டருக்கு 57 ரூபாய்க்குச் சற்று மேல். ஹோஸ்டிங்குக்கு மாதம் 400 ரூபாய் கொடுத்து வூகாமர்ஸில் நடத்தினால் 872 ரூபாய், ஆர்டருக்கு 17 ரூபாய் சொச்சம். இடையிலுள்ள 2,000 ரூபாய்க்கு ஈடாக, மென்பொருளைப் புதுப்பிப்பதும் பேக்கப் எடுப்பதும் வியாபாரியின் தலையில் விழும். அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கொடுப்பதே மேல்.

இந்தக் கணக்கில் பலரும் பார்க்கத் தவறுவது வாடகையை. சண்டையெல்லாம் 2 விழுக்காட்டைப் பற்றி நடக்கிறது, ஆனால் விற்பனை சிறியதாக இருக்கும்வரை வாடகைதான் பெரிய செலவு. 2,000 ரூபாயை 2 விழுக்காட்டால் வகுத்தால் 1 லட்சம் வருகிறது. மாத விற்பனை 1 லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் கமிஷன் வாடகையை மிஞ்சும். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ஷாப்பிஃபை 25 விழுக்காடு தள்ளுபடி தருகிறது. நம் வியாபாரிக்கு அது மாதம் 500 ரூபாய், அவர் கட்டும் முழுக் கமிஷனைவிடக் கூடுதல். கடை ஓராண்டு நிற்கும் என்ற உறுதி இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம்.

கமிஷனை 1 விழுக்காடாகக் குறைக்க அடுத்த திட்டத்துக்கு மாறுவது வழக்கமான தவறு. வாடகை வித்தியாசத்தைக் கமிஷன் வித்தியாசத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். வாடகை 5,500 ரூபாய் கூடுமானால், 5.5 லட்சம் மாத விற்பனைக்குக் கீழே அந்த மாற்றம் நட்டம்.

பிடித்தங்கள் கண்ணுக்குப் படாமல் போவதற்கு ஒரு காரணம், அவை இரண்டு இடங்களில் நடப்பது. கேட்வே தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தை வங்கிக்கு அனுப்புகிறது, அதன் செட்டில்மென்ட் அறிக்கையில் கட்டணமும் வரியும் தனித்தனியாக இருக்கும். கமிஷன் அங்கே வராது, பில்டர் அனுப்பும் பில்லில் வரும். வங்கி வரவை மட்டும் பார்ப்பவர் பாதிப் பிடித்தத்தையே பார்க்கிறார். மேலும், கேட்வே கட்டணம் வாடிக்கையாளர் கட்டிய முழுத் தொகைக்கும் விழும். அதில் கூரியர் நிறுவனத்துக்குப் போய்விடும் 50 ரூபாயும் அடக்கம். பொருள் திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

யூ.பி.ஐ., ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் கட்டணம் இல்லை. ஆனாலும் கேட்வே நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பச் சேவைக்கு என்று யூ.பி.ஐ. வரவிலும் கட்டணம் வாங்குவதுண்டு. ஒப்பந்தத்துக்கு முன் கட்டண அட்டையில் யூ.பி.ஐ.க்கு உரிய பகுதியைத் தனியாகப் படிக்க வேண்டும். கடையிலுள்ள க்யூ.ஆர். அட்டைக்கே பணத்தை அனுப்பச் சொன்னால் எந்தப் பிடித்தமும் இல்லை, ஆனால் எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு என்று கையால் பொருத்த வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போலியாக இருக்கலாம் என்பதால், வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். நாளுக்கு இரண்டு ஆர்டர் இருக்கும்போது இது முடியும், இருபது ஆனால் முடியாது.