பெற்றோராக்கப்படுதல்

குடும்பத்தில் தாய் அல்லது தந்தையின் மனச்சுமையையோ பொறுப்பையோ பிள்ளை தாங்கும் நிலை. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க மனநல மருத்துவர் இவான் பொசோர்மெனி-நாகியும் ஜெரால்டின் ஸ்பார்க்கும் 1973-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினர். சமைப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைப்பொறுப்பு இதன் இன்னொரு வகை. அளவோடு இருந்து, பெரியவர்களும் அதை மதித்தால் பெரும்பாலும் கேடில்லை. உணர்வுச்சுமையோ வெளியே தெரிவதில்லை.

கணவனோடு பிணங்கிய தாய் பத்து வயது மகளிடம் இரவுதோறும் அழுகிறாள் என்று கொள்வோம். மகள் தேற்றுகிறாள்; தன் பள்ளிக் கவலையை விழுங்கிக்கொள்கிறாள். வாசலில் கேட்கும் காலடியோசையை வைத்தே அன்றைய வீட்டு நிலவரத்தைக் கணிக்கப் பழகுகிறாள். ‘வயசுக்கு மீறின பொறுப்பு’ என்று உறவினர் மெச்சுவதுதான் இதில் கொடுமை. வளர்ந்தபின் ‘முடியாது’ என்று சொன்னாலே அவளுக்குக் குற்றவுணர்வு வருகிறது. உதவி கேட்க நா எழுவதில்லை. யார் முகம் வாடினாலும் தானே காரணம் என்று தோன்றுகிறது. தேற்றிக்கொண்டே இருக்கவேண்டிய ஒருவரைத் துணையாகத் தேர்வதும் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் எல்லோருக்கும் ஒரே விளைவு நேர்வதில்லை.

நாகியின் சிகிச்சைமுறை பெற்றோரைக் குற்றவாளியாக்குவதில்லை. அவர்கள் தம் சிறுவயதில் பெறாததையும் கணக்கில் கொண்டு, பிள்ளை கொடுத்ததை அவர்களே வாய்விட்டு ஒப்புக்கொள்ள வழிசெய்கிறது.