கணவன் காக்காத முட்டைகள்: பங்குனி ஆமையும் சென்னைக் கடற்கரையும்

அகநானூற்றின் 160ஆம் பாடல் நெய்தல் திணையைச் சேர்ந்தது. பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். நிறைசூல் கொண்ட ஆமை ஒன்று அடும்பின் கொடி சிதையக் கழியோரத்து வெண்மணல் மேட்டில் முட்டைகளைப் புதைத்துச் செல்கிறது. அம்முட்டைகள் யானைக் கொம்பில் கடைந்த வட்டைப் போன்றவை, புலால் நாறுபவை. குஞ்சு வெளிப்படும் நாள் வரையில் அவற்றைப் பிளந்த வாயையுடைய ஆண் ஆமை காத்து நிற்கும் என்கிறார் புலவர்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்பாடலைப் பயிலும் மாணவர் பலருக்கு ஆமை என்றால் கண்மாய் ஆமைதான். அவர்களுக்குக் கடல் பேருந்தில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. ஆயினும் ஆமையின் முட்டையைப் பற்றிய மற்றொரு செய்தி இவ்வூர்க் கோயில் சொற்பொழிவுகளில் அவர்கள் காதில் விழுந்திருக்கும். மீன் பார்வையாலும் பறவை தொடுதலாலும் ஆமை நினைவாலும் தம் முட்டைகளைப் பொரிக்கும் என்பதே அது. குருவின் அருளுக்குச் சொல்லப்படும் உவமை. சங்கப் புலவர் தந்தையைக் காவல் வைத்தார். சமய மரபு தாயின் நினைவைக் காவல் வைத்தது. யாரோ ஒருவர் காக்கிறார் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

உண்மையில் காப்பவர் எவரும் இல்லை. கடலாமைகளில் ஆண், குஞ்சாகக் கடலில் இறங்கிய பின் முட்டையிடத்துக்கு வருவதே இல்லை. கரைக்கு அண்மையில் இணை சேரும் ஆமைகளைப் பரதவர் கண்டிருப்பர். அங்கே மிதந்த ஆணைக் காவலனாகக் கருதியிருக்கவும் கூடும். பெண்ணோ முட்டையிட்டு மண்ணை மூடியதும் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. அடும்பையும், மணல் மேட்டையும், முட்டையின் வடிவையும், நாற்றத்தையும் பிழையின்றிக் கண்ட புலவர் காவலில் மட்டும் தவறினார். அந்தத் தவறு இன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. காவல் தேவைப்படாத ஓர் உயிருக்குக் காவல் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. அந்த வரலாறு பெரும்பாலும் சென்னைக் கடற்கரையில் நிகழ்ந்தது.

தமிழகக் கிழக்குக் கரையில் மிகுதியாக முட்டையிடுவது பங்குனி ஆமை. பெயரே அதன் பருவத்தைச் சொல்கிறது. ஏறக்குறைய தை முதல் பங்குனி வரை அது கரையேறும். ஒடிசாவில் ஆயிரக்கணக்கில் ஒருசேரக் கரையேறும் அதே இனம் இங்கே இரவில் தனித்தனியாக வருகிறது. அலை எட்டாத உயரத்திற்கு ஊர்ந்து, பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடம் போன்ற குழி தோண்டி, நூறு முதல் நூற்றிருபது வரை முட்டைகள் இடுகிறது. பின்பு மண்ணை மூடி, தன் உடலையே திம்மிசாகக் கொண்டு இடமும் வலமும் ஆடி இடித்து இறுக்குகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெருங்கடலில் பல ஆண்டுகள் திரிந்த ஆமை இக்கரையை எப்படிக் கண்டுகொள்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் அமெரிக்க அறிஞர் கென்னத் லோமன் முதன்மையானவர். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே வலிமையுடையதன்று. அது தரையோடு சாயும் கோணமும் இடத்துக்கு இடம் வேறுபடும். கரையின் ஒவ்வொரு பகுதிக்கும் இவ்விரண்டும் சேர்ந்த ஓர் அடையாளம் உண்டு. குஞ்சு தான் பிறந்த கரையின் அடையாளத்தைப் பதிந்துகொண்டு, வளர்ந்த பின் அதனைத் தேடி வருகிறது என்பது அவரது கருத்து. காந்தப்புலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்வது. ஆமைகள் அதைப் பின்பற்றுவது மெய்யானால், புலம் நகரும்போது முட்டையிடும் இடங்களும் நகர வேண்டும். புளோரிடாக் கரையில் பல ஆண்டுகள் எடுத்த கணக்குகளை ஆராய்ந்து, அவ்வாறே நிகழ்வதாக அவரும் அவருடைய மாணவர் ஒருவரும் 2015இல் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது வேறோர் இனத்தை. பங்குனி ஆமை அவ்வளவு துல்லியமாகப் பிறந்த இடத்திற்கே திரும்புவதில்லை. அந்தக் கரைப்பகுதிக்குத் திரும்பும் என்பதே பொருந்தும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாய்க்கு வழிகாட்டுவது காந்தம். அந்தக் கரை இன்று வெறும் மணலா, விளக்குகள் எரியும் நகரமா என்பதைக் காந்தம் சொல்லாது. வெளிச்சமும் நடமாட்டமும் மிகுந்த இடத்தில் சில ஆமைகள் கரையேறாமலோ, ஏறியும் முட்டையிடாமலோ திரும்புவதுண்டு. பிற ஆமைகள் முட்டையிட்டுவிட்டுப் போகின்றன. அதன் விளைவு நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் கழித்துத் தெரிகிறது.

பொரித்த குஞ்சுகள் மண்ணுக்குள் ஒன்றையொன்று உந்தி மேலேறும். மேல்மணலில் சூடு இருக்கும் வரை அசையாமல் கிடக்கும். சூடு தணிந்தால் இரவு வந்துவிட்டது என்று பொருள். வெளிவந்ததும் அவை பின்பற்றும் விதி மிக எளியது. தாழ்ந்து வெளிச்சமாக இருக்கும் அடிவானத்தை நோக்கிப் போ. உயர்ந்து இருண்டிருப்பதை விட்டு விலகு. விளக்குகள் இல்லாத கரையில் விண்மீனின் ஒளியையோ நிலவின் ஒளியையோ ஏந்திய கடலே வெளிச்சமான திசை. மணல் மேடும் புதரும் தாழையும் நின்ற நிலப்புறம் இருள். இந்த விதி ஊழிக்காலமாகப் பொய்க்கவில்லை. நீரை அடைந்ததும் அலையை எதிர்த்து நீந்தும். அதன் பிறகு காந்த உணர்வு வழிநடத்தும்.

சென்னையின் தென்கரையில் வீடுகளும் உணவு விடுதிகளும் சாலை விளக்குகளும் உயர்கம்ப விளக்குகளும் வந்தபோது அந்த விதி தலைகீழானது. நிலம் வெளிச்சமாயிற்று, கடல் இருண்டது. குஞ்சுகள் விதியை மீறவில்லை. விதிப்படியே ஊரை நோக்கி நடந்தன. இதனை விடியற்காலை மணலிலேயே படித்துவிடலாம். ஒழுங்கான கூட்டிலிருந்து சிறு தடங்கள் குறுகிய விசிறியாகக் கடல் நோக்கிச் செல்லும். வெளிச்சத்தால் வழிதவறிய கூட்டின் தடங்கள் சிக்கலான நூல் போல வட்டமிட்டுச் சாலைப் பக்கம் போய் முடியும். குஞ்சின் வயிற்றிலுள்ள கரு உணவு, முதல் ஓரிரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலை அடைவதற்கான கட்டுச்சோறு. அதை மணலில் அலைந்து செலவிட்ட குஞ்சு, நண்டுக்கும் நாய்க்கும் காகத்துக்கும் தப்பினாலும் கடலில் தளர்ந்துபோகும்.

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையின் நிறுவனர் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் இக்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினர். அன்று அவர்கள் முதன்மையாக அஞ்சியது முட்டை திருடுவோரையும் நாய்களையும். அவர்களோடு நடந்த சதீஷ் பாஸ்கர் பின்னர் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் கால்நடையாக ஆய்ந்து, நம் கடலாமை அறிவுக்கு அடித்தளம் இட்டார். முட்டைகளைக் காக்கும் பணியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பின்பு வனத்துறையும் மேற்கொண்டன. 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பருவம் முழுதும் இரவு நடை அன்றுமுதல் தொடர்கிறது.

நடப்பவர்கள் தாயின் தடத்தைத் தொடர்ந்து கூட்டைக் கண்டு, முட்டைகளை எடுத்துச் சென்று, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கின்றனர். இதனை இட்ட சில மணி நேரத்திற்குள் செய்தாக வேண்டும். அதன் பின் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். பொரிப்பகத்தின் சூடும் முக்கியமானது. மணல் மிக வெப்பமாயிருந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகும், தணிந்தால் ஆணாகும். பொரித்த குஞ்சுகளை இருண்ட இடத்தில், நீருக்குச் சற்று முன்னே விட்டு நடக்க வைக்கின்றனர்.

அதே 1988இல்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மலைக்காட்டின் அணிலுக்கு ஓர் எல்லை வகுத்து அதனுள் காக்கலாம். ஆமைக்கு அது இயலாது. அதன் வீடு ஒரு மணல் திட்டும் ஒரு பெருங்கடலும். பொரிப்பகம் காப்பது அறுபது நாளை மட்டுமே. வெளிச்சத்தைக் குறைக்க வேறு வழி வேண்டும். பருவத்து இரவுகளில் கடற்கரை விளக்குகளை அணைப்பதும், விளக்கை மறைத்துக் கீழ்நோக்கித் திருப்புவதும், நீலமும் வெள்ளையும் கலந்த ஒளியை விடுத்துச் செம்மஞ்சள் ஒளியைப் பயன்படுத்துவதும் அவ்வழிகள். நீண்ட அலைநீள ஒளி குஞ்சுகளைக் குறைவாகவே ஈர்க்கிறது.

கரைக்கு அப்பால் இருப்பது வலை. கரையில் உலரும் வலையிலும் கைவிடப்பட்ட நைலான் வலையிலும் குஞ்சுகள் சிக்குவதுண்டு. எனினும் பேரிழப்பு நேர்வது இழுவலையில். அங்கு மடிவது தாய். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும் வலைக்குள் அகப்பட்டது மூச்சுத் திணறி இறக்கிறது. 2025 சனவரியில் சென்னையிலும் அதையடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. பிதுங்கிய கண்ணும் வீங்கிய கழுத்தும் பல உடல்களில் காணப்பட்டன. அவை மூச்சுத் திணறலின் அடையாளங்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றே வளர்ந்து முட்டையிட வரும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியாயின், ஒரு தாயின் இறப்பை ஈடுசெய்யப் பல கூடுகளின் குஞ்சுகள் வேண்டும். பல ஆண்டுப் பொரிப்பக உழைப்பை ஒரு மாதத்து வலை விழுங்கிவிடக் கூடும்.

தீர்வு தெரியாதது அன்று. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடலாகாது என்பது தமிழ்நாட்டு விதி. ஆமைகள் திரள்வதும் பெரும்பாலும் அந்த நீரில்தான். இழுவலையின் கழுத்தில் கம்பிச் சட்டமும் அதன்மேல் ஒரு திறப்பும் அமைத்தால், மீனும் இறாலும் உள்ளே செல்லும். ஆமை சட்டத்தில் மோதித் திறப்பின் வழியே வெளியேறும். ஆமையோடு பிடிப்பும் போய்விடும் என்பது மீனவர் அச்சம். கூலியும் எரிபொருளும் கடனுமாகக் கடலுக்குப் போகிறவரின் அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விதியையும் கருவியையும் கரையில் எழுதிவிடலாம். கடைப்பிடிக்க வேண்டியவர் கடலில் இருக்கிறார்.

நப்பசலையாரின் ஆண் ஆமை குஞ்சு வெளிப்படும் நாள் வரையில்தான் காவல் நிற்கிறது. நம் பொரிப்பகமும் அதே நாளில் தன் காவலை முடித்துக்கொள்கிறது. விளக்கின் ஆபத்து தொடங்குவது அன்று இரவு. வலையின் ஆபத்து வருவது, அக்குஞ்சு பல ஆண்டு கழித்து இதே கரையைக் காந்தத்தால் தேடி வரும்போது.